கறுப்பு வேட்டி சாயம் விடுவதும் நீலப் பேண்ட் வெளுப்பதும்

கேள்வி: "திருநெல்வேலிதான். போன கார்த்திகைக்கு மாலை போட எடுத்த கறுப்பு வேட்டி இன்னமும் ஒவ்வொரு துவைப்புக்கும் சாயம் விடுது. உப்புத் தண்ணியில ஊறப்போட்டும் பார்த்தாச்சு, கேக்கல. பையனோட ஸ்கூல் நேவி ப்ளூ பேண்ட் சாயமே விடல, ஆனா ஆறே மாசத்துல வெளுத்துப் போச்சு. வெயில்ல காயப்போடுறதுதான் தப்பா? நிழல்ல போட்டா ரெண்டும் சரியாகுமா?"

அண்ணாச்சி, ரெண்டும் ஒரே நோய் இல்லை. வேட்டியை எத்தனை நாள் நிழலில் போட்டாலும் அதன் சாயம் நிற்காது. பேண்டுக்கு நிழல் உதவலாம், ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் வீட்டிலேயே பத்து நிமிடச் சோதனை ஒன்று செய்து பார்க்க வேண்டும். நான் திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் பதினோரு வருடம் இருந்தவன். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் பட்டறைகளை மூடியபோது ஊருக்கு வந்து, இப்போது பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு லாண்டரி வைத்திருக்கிறேன். சாயம் ஏற்றுவதையும் பார்த்திருக்கிறேன், அது இறங்குவதையும் தினமும் பார்க்கிறேன்.

வேட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். பருத்தித் துணிக்கு இன்று அதிகம் போடுவது ரியாக்டிவ் சாயம். இது நூலின் மேல் பூசிக்கொண்டு நிற்கிற சாயம் கிடையாது, நூலோடு வேதியியலாகவே கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டது சாதாரணத் துவைப்பில் லேசில் வராது. சிக்கல் எங்கே என்றால், தொட்டியில் போட்ட சாயம் முழுவதும் நூலோடு கட்டிக்கொள்வதில்லை. நூறு பங்கு போட்டால் அறுபது முதல் எண்பது பங்குதான் நூலோடு போய்ச் சேரும். மிச்சம், நூலுக்குப் பதிலாகத் தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். வீணான சாயமும் பார்ப்பதற்கு அதே கறுப்புதான், அதுவும் நூலுக்குள்தான் உட்கார்ந்திருக்கும், ஆனால் எதையும் பிடித்துக்கொண்டிருக்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை கிடைக்காமல் நடுவில் நிற்கிற ஆள் மாதிரி. கறுப்பு, நேவி, மெரூன் மாதிரி அடர்ந்த நிறங்களுக்குச் சாயம் நிறையப் போடுவதால் இப்படி நிற்கிற கூட்டமும் பெரிது. வெளிர் நிறத் துணி ஏன் இந்தப் பாடு படுத்துவதில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்தக் கூட்டத்தை வெளியேற்றுவதுதான் பட்டறையில் சாயம் ஏற்றிய பிறகு நடக்கிற வேலை. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசல், அப்புறம் கொதிநிலைக்குப் பக்கத்தில் சோப்பு வாஷ், மறுபடி வெந்நீர், மறுபடி பச்சைத் தண்ணீர். கறுப்புக்கு ஐந்தாறு தொட்டித் தண்ணீராவது மாற்ற வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர், விறகு, நேரம், அப்புறம் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற செலவு. சாயம் ஏற்றுகிற நேரத்தைவிடக் கழுவுகிற நேரம் அதிகம். அவசரத்தில் முதலில் வெட்டு விழுவது இந்தக் கழுவலில்தான். நானே ஒரு தடவை அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் இரவு ஷிப்டில் ஒரு கறுப்பு லாட்டுக்கு இரண்டாவது ஹாட் வாஷ் வேண்டாம், தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். நான் பார்த்தது துணி ஆறிய பிறகு இருந்த தண்ணீரை. கறுப்பு உடம்பும் வெள்ளைக் காலரும் வைத்துத் தைத்த பனியன்கள், முதல் துவைப்பிலேயே காலர் சாம்பல் நிறமாகித் திரும்பி வந்தன. சூடாக இருக்கும்போது எடுத்த தண்ணீரை மட்டும்தான் நம்ப வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உப்பு ஏன் கேட்கவில்லை என்பதற்கு இப்போது வருவோம், ஏனென்றால் இந்த வைத்தியத்தைச் சொல்லாத வீடே நம் பக்கத்தில் கிடையாது. தண்ணீரில் நனைந்த பருத்தி சாயத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும், இரண்டுக்கும் ஒரே மாதிரி மின்னேற்றம் என்பதால். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை நூலுக்குள் போகவைக்கத்தான் பட்டறையில் உப்பு போடுகிறோம். கறுப்புக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை. அதாவது உப்பு சாயத்தை நூலை நோக்கித் துரத்துகிற பொருள், கட்டிப்போடுகிற பொருள் இல்லை. கட்டிப்போடுவது அதன் பிறகு போடுகிற சோடா. நீங்கள் வாளியில் உப்புப் போட்டு வேட்டியை ஊறவைத்தால், அந்த வாளிக்குள் மட்டும் வீணான சாயம் வெளியே வரத் தயங்கும். தண்ணீர் தெளிவாகத் தெரியும், சாயம் நின்றுவிட்டது என்று தோன்றும். அடுத்த நாள் உப்பில்லாத ஆற்றுத் தண்ணீரில் நனைத்ததும் பழையபடி ஓடும். நின்றது சாயம் இல்லை, நம் கண்ணுக்குத் தெரிவதுதான் நின்றது. உண்மையில் உப்பு நீங்கள் செய்ய வேண்டிய வேலைக்கு எதிராகவே போகிறது, ஏனென்றால் அந்த வீண் சாயம் வெளியே போனால்தான் தொல்லை தீரும். படிகாரமும் அப்படித்தான். மஞ்சிட்டி மாதிரி இயற்கைச் சாயங்களுக்கு அது பிடிமானம் கொடுக்கும், கடையில் வாங்கின கறுப்பு வேட்டிக்கு ஒன்றும் செய்யாது. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற அமிலச் சாயத்தோடு சம்பந்தப்பட்டது, பருத்திக்கு அது சொந்தக்காரனே இல்லை.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். சில துணி முதல் நாலைந்து துவைப்புக்கு ஒழுங்காக இருந்துவிட்டு அப்புறம் சாயம் விட ஆரம்பிக்கும். அது பெரும்பாலும் ஃபிக்ஸர் போட்ட துணி. சரியாகக் கழுவாமல் கடைசியில் ஒரு பிடிமான மருந்து கொடுத்து, உள்ளே நிற்கிற சாயத்தை அப்படியே மூடி அனுப்புவது. துவைக்கத் துவைக்க மூடி கழன்றுவிடும். இந்த மருந்து பல சாயங்களில் வெயில் தாங்குகிற சக்தியையும் குறைத்துவிடும் என்பது லேபில் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒரு பக்கம் பிடித்தால் ஒரு பக்கம் விடுகிறது.

சரி, உங்கள் வேட்டிக்குச் செய்ய வேண்டியது, பட்டறை பாதியில் விட்ட கழுவலை நீங்கள் முடிப்பது. சாதாரணப் பருத்தி வேட்டி, ஜரிகைக் கரை இல்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். முந்நூறு கிராம் எடையுள்ள வேட்டிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் வேண்டும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீராக இருக்கட்டும், போர் தண்ணீர் வேண்டாம். கடினத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து வீணான சாயத்தைத் திரட்டிவிடுவதால் அது நூலை விட்டு லேசில் வெளியே வராது. முதலில் பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை நன்றாக அலசுங்கள், நீங்கள் ஊறவைத்த உப்பும் ஒட்டியிருக்கிற மற்றதும் போகட்டும். அப்புறம் ஆறு லிட்டரைத் தளதளவென்று கொதிக்கவைத்து இறக்கி, ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் சோப்புத்தூள் கரைத்து, வேட்டியை முக்கிக் கம்பால் பத்து நிமிடம் புரட்டுங்கள். இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்வது: ஆறட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஆறினால் வெளியே வந்த சாயம் திரும்பத் துணிக்குள்ளேயே போய் உட்காரும். சூடாக இருக்கும்போதே கம்பால் தூக்கி எடுத்து, அந்தத் தண்ணீரில் ஒரு கண்ணாடி டம்ளர் மொண்டு ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டுங்கள். வெந்நீரில் ஒரு அலசல். பிறகு இதையே இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. மூன்று டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

டம்ளர் சொல்வதுதான் தீர்ப்பு. முதல் டம்ளர் மை மாதிரி, இரண்டாவது கடுங்காப்பி மாதிரி, மூன்றாவது அதையும் பல மடங்கு தண்ணீர் விட்டுக் கலக்கின மாதிரி என்று இறங்கிக்கொண்டே வந்தால், நோய் கழுவாத சாயம்தான். இன்னொரு தடவை செய்தால் ஏறக்குறைய நின்றுவிடும், வேட்டியின் கறுப்பும் பெரிதாகக் குறையாது. மூன்று டம்ளரும் ஒரே கறுப்பாக இருந்து, வேட்டி மட்டும் வெளிறிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது டைரக்ட் சாயம். விலை குறைந்தது, நூலோடு கட்டிக்கொள்ளவே தெரியாதது, வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்பது. அதைக் கொதிக்கவைக்க வைக்கக் கரைந்துகொண்டேதான் இருக்கும். சீசனுக்கென்று வருகிற மலிவு வேட்டிகளில் இதுவும் உண்டு. துணியைக் கையில் பிடித்துப் பார்த்து இது எந்தச் சாயம் என்று லேபில் இருந்த நானே சொல்ல முடியாது, டம்ளரைத்தான் நம்பியாக வேண்டும். அப்படிப்பட்ட வேட்டியைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல், சட்டென்று துவைத்து எடுப்பது ஒன்றுதான் வழி.

இன்னொரு கணக்கும் பாருங்கள். மண்டல விரதம் 41 நாள், தினம் இரண்டு வேளைக் குளியல். இரண்டு வேட்டியை மாற்றி மாற்றிக் கட்டினாலும் ஒவ்வொன்றும் நாற்பது தடவைக்கு மேல் நனைந்து காய்கிறது. நீங்கள் வாரம் ஒரு தடவை துவைக்கிற சட்டை முக்கால் வருடத்தில் படுகிற பாடு அது. "ஒரு சீசன்தான் கட்டினேன், அதற்குள் போச்சே" என்று என் கடைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

காயப்போடுவதில் சாயம் விடுகிற துணிக்கு வெயில், நிழலைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ஈரத்தோடு குவித்து வைக்கக் கூடாது. அலசிப் பிழிந்து வாளி ஓரத்தில் சுருட்டி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிற நேரத்தில்தான் கறுப்பு, பக்கத்திலிருக்கிற சாரத்தின் வெள்ளைக் கட்டத்தில் ஏறியிருக்கும். கொடியில் போட்ட பிறகும் தண்ணீர் கீழ்நோக்கி வடியும்போது வீண் சாயத்தையும் இழுத்துக்கொண்டு போய் அடிக்கரையில் விடும், தண்ணீர் ஆவியாகிப் போக அங்கே கரை கட்டினாற்போல் ஒரு கோடு நிற்கும். நன்றாகப் பிழிந்து, விரித்து, காற்றோட்டமான இடத்தில் உடனே போட்டால் இரண்டு தொல்லையும் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் போடுகிறவர்கள் மெஷினில் ஒரு தடவை ஸ்பின் ஓட்டிவிட்டு ஃபேன் காற்றில் போடலாம். மெதுவாகக் காய்ந்த துணியில் வருகிற மக்கல் வாடைக்கும் அதுதான் மருந்து.

இனி பேண்ட். பள்ளிச் சீருடைத் துணி பெரும்பாலும் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. பாலியஸ்டருக்குச் சாயத்தை 130 டிகிரி சூட்டில் உள்ளே செலுத்துவதால் வீட்டுத் துவைப்பில் அது அவ்வளவாக வெளியே வராது. அதனால்தான் உங்கள் வாளித் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. சாயம் வெளியே போகாமலே துணி வெளுத்துத் தெரிவதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று, வெயில் சாயத்தை உடைத்துவிட்டது. இது நடந்திருந்தால் சாயம் துணியிலேயே செத்துக் கிடக்கும், திரும்ப வராது. இரண்டு, சாயம் அப்படியே இருக்கிறது, மேலே படிவு படிந்திருக்கிறது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பல போர்களில் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். டவுனிலும் போர் போட்ட வீடுகளில் குழாய் வாயில் வெள்ளையாகக் கட்டியிருக்கும். அதே சுண்ணாம்பு சோப்போடும் சோடாவோடும் சேர்ந்து துணியிலும் படியும். வெள்ளைத் துணியில் பழுப்பாகத் தெரிவது நேவியில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். மூன்று, விஸ்கோஸ் இழைகள் உரசி அறுந்து மேலே பூனைமுடி மாதிரி நிற்கின்றன, வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் வெளுத்த மாதிரி தோன்றுகிறது. கல்லில் அடித்துப் பிரஷ் போட்டுத் தேய்க்கிற பேண்டுகளில் இது சகஜம்.

எது என்று கண்டுபிடிக்கப் பேண்டை உள்வெளியாகத் திருப்புங்கள். இடுப்புப் பட்டி மடிப்பின் உள்பக்கம், பைக்கு உள்ளே மடங்கியிருக்கிற துணி, கால் மடிப்பு ஆகியவற்றை வெளிப்பக்கத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். உள்ளே கடும் நீலம், வெளியே மட்டும் வெளுப்பு, அதிலும் கொடியில் மடிந்து கிடந்த இடத்தில் குறுக்கே பட்டையாக அதிக வெளுப்பு என்றால் வெயில்தான். வெயில் பட்டால் இன்னொரு அடையாளமும் உண்டு. நேவியும் கறுப்பும் ஒற்றைச் சாயத்தில் வருவது குறைவு, இரண்டு மூன்று சாயத்தைக் கலந்துதான் அந்த ஷேடைக் கொண்டுவருவோம். வெயிலில் அதில் பலவீனமானது முதலில் உடையும். அதனால் வெறுமனே வெளுக்காமல் நிறமே திரும்பும், நேவி செவ்வோடிக் காட்டும், கறுப்பு பழுப்பாகும். முட்டி, பை வாய், தையல் மேடு என்று உரசுகிற இடத்தில் மட்டும் வெளுப்பு இருந்தால் மூன்றாவது காரணம். போன் கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த முடி தெரியும். உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி சாம்பல் பூத்திருந்தால் படிவாக இருக்கலாம். அதை உறுதி செய்ய ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி வினிகர் விட்டு, ஒரு கால் நுனியை மட்டும் பத்து நிமிடம் முக்கி, அலசி, முழுக்கக் காயவைத்து, அடுத்த கால் நுனியோடு ஒப்பிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நனைந்தால் எல்லாத் துணியும் கறுத்துத்தான் தெரியும். காய்ந்த பிறகும் முக்கிய நுனி கருநீலமாக இருந்தால் வெயில்மேல் பழி போட்டது தப்பு, உங்கள் தண்ணீர்தான் குற்றவாளி. இங்கே மட்டும் வினிகருக்கு வேலை இருக்கிறது, அதுவும் சாயத்துக்காக இல்லை, சுண்ணாம்பைக் கரைக்க.

வெயில்தான் என்று தெரிந்தால், அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. வெளிச்சம், காற்றில் இருக்கிற ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்துதான் சாயத்தை உடைக்கின்றன. பருத்தி, விஸ்கோஸ் சாயங்கள் பலவும் காய்ந்த துணியைவிட ஈரத் துணியில் சீக்கிரம் உடையும். வியர்வை ஊறியிருந்தால் இன்னும் மோசம். அதனால் வியர்வையோடு கழற்றிய சீருடையை அலசாமல் அப்படியே வெயிலில் உலர்த்துவது கூடாது. ஆனால் நம் ஊரில் நிஜமான நஷ்டம் எங்கே என்றால், காய்கிற நேரத்தில் இல்லை, காய்ந்த பிறகு. சித்திரை வெயிலில் மெல்லிய துணி முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். காலை எட்டு மணிக்குத் தட்டட்டியில் போட்ட துணியைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்தால், மிச்ச எட்டு மணி நேரமும் வெயில் சும்மா சாயத்தைத் தின்றிருக்கிறது. வேலைக்குப் போகிற வீட்டில் இது தவிர்க்க முடியாததுதான், குற்றமாகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு நிழல்தான் சரி. சாரல் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் நிழலிலேயே மதியத்துக்குள் காய்ந்துவிடும். நிழல் என்றாலும் வானம் தெரிகிற திறந்த நிழலில் ஓரளவு வெளிச்சம் வேலை செய்யத்தான் செய்யும், ஆனால் நேர் வெயிலோடு ஒப்பிட்டால் குறைவு. வீட்டில் ஆள் இருந்து காய்ந்ததும் எடுக்க முடியும் என்றால், உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடுவதில் பெரிய கெடுதல் இல்லை.

உங்கள் பேண்ட் துணி வெயிலை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், லேபில் செய்ததையே வீட்டில் செய்யலாம். அங்கே எட்டு நீலக் கம்பளித் துண்டுகளைச் சோதிக்கிற துணியோடு சேர்த்து வெளிச்சத்தில் வைப்போம். முதலாவது சீக்கிரம் வெளுக்கும், அடுத்தடுத்தது ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் தாங்கும், நம் துணி எதோடு சேர்ந்து வெளுக்கிறது என்பதுதான் அதன் மார்க். வீட்டில் அவ்வளவு வேண்டாம். கால் மடிப்புக்குள் மிச்சமிருக்கிற துணியில் இரண்டு விரல் அகலம் வெட்டி, பாதியை அட்டையால் மூடிக் கட்டி, மொட்டை மாடியில் ஒரு வாரம் வைத்துவிட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். நடுவில் கோடு தெரிந்தால் அடுத்த பேண்டை முதல் நாளிலிருந்தே நிழலில் போடுங்கள். கோடே தெரியவில்லை என்றால் வெயிலை விட்டுவிட்டுத் தண்ணீரையும் பிரஷ்ஷையும் பாருங்கள்.

படிவு என்று வந்தால், ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விட்டு இருபது நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசினால் பாதிக்கு மேல் தெளியும், மாதம் ஒரு தடவை போதும். பேண்டை மட்டும் வேட்டி மாதிரி கொதிக்கவைத்துவிடாதீர்கள், பாலியஸ்டரில் அப்போது விழுகிற சுருக்கம் எந்த இஸ்திரிக்கும் போகாது. வினிகர் இருக்கிற வாளியில் பிளீச்சிங் பவுடர் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது, விஷ வாயு வரும். மாடித் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிற நாளில் கறுப்பு, நேவி எதையும் நனைக்காதீர்கள். போன மாதம் ஒரு வீட்டிலிருந்து ஆறு சீருடைகள் திட்டுத் திட்டாகச் செம்பு நிறத்தில் வந்தன, எல்லாம் ஒரே நாள் துவைத்தவை. அதற்கு நானும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.